பேர் இல்லாத ஓர் எண்

படுத்த படுக்கையாகிவிட்டவர்களைக் கவனித்துக்கொள்வது அவளுடைய தொழில். எல்லா வீட்டிலும் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் நர்ஸ் இல்லீங்க, ஆளைப் புரட்டிப் போடுறவ" என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். யாரும் கேட்காமலேயே சாயங்காலம் பையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவாள். முன்பு வேலை பார்த்த ஏதோ ஒரு வீட்டில் திருட்டுப் பழி விழுந்ததில் வந்த பழக்கம் அது.

இப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கவாதம் வந்து பேச்சு போன ஒரு பெரியவர். இடது கை மட்டும் வேலை செய்தது. அதில் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார். ஒருநாள் போன் கை நழுவித் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடிவிட, சிம்மை மாற்றி, பெரியவரின் மெயில் கணக்கைப் போட்டு, சாட் மெசேஜ்களையெல்லாம் சேமித்து வைத்திருந்த பேக்கப்பிலிருந்து திரும்ப இறக்கியவள் நர்ஸம்மாதான்.

மறுநாள் மகள் அந்தச் சாட்களைத் திறந்து பார்த்தாள். பால்காரர், மருந்துக்கடை, மாப்பிள்ளை என்று எல்லாரும் பேரோடு இருந்தார்கள். நடுவில் ஒன்று மட்டும் வெறும் நம்பர். படமும் இல்லை. உள்ளே போன வாரம் வந்த மெசேஜ்: 'யார் கேட்டாலும் தெரியாதுன்னு இருங்க. வீட்டு விஷயம் நான் பார்த்துக்கிறேன்.' அதற்குக் கீழே பெரியவரின் 'சரி'.

மகள் தன் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை.

"அப்பா போன்ல இருந்து அடிக்காத, ஆள் உஷாராயிடுவான்" என்றார் அவள் கணவர்.

"அப்பா, யாருப்பா இது?"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

மகள் சமையலறைக்கு வந்தாள். குரல் தணிவாகத்தான் இருந்தது. "நர்ஸம்மா, எல்லார் பேரும் வந்திருக்கு. இது மட்டும் எப்படிப் போச்சு?"

"தெரியலீங்கம்மா. வந்தது வந்தபடி இருக்கு."

"அழிச்சாதானே போகும்? உங்களுக்கு வேண்டிய ஆளா? அப்பா உங்களைப் பார்த்துப் பயப்படுறாரோன்னு இருக்கு."

"உங்கப்பா பயப்படுறது ஊசிக்கு மட்டும்தான்" என்றாள் நர்ஸம்மா. வழக்கமாக அதற்குச் சிரிக்கும் மகள் அன்று சிரிக்கவில்லை.

"நாளையிலேருந்து வேற ஆள் பார்த்துக்கிறோம்."

நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க. ஆனா திருட்டுப் பட்டத்தோட போனா அடுத்த வீட்டுல என்னை வாசல்லயே நிக்க வைப்பாங்க. பழைய போனைக் கடைக்கு எடுத்துட்டுப் போவோம். நீங்களும் வாங்க."

போன் ரிப்பேர் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "உங்க போன்ல சேவ் பண்ணின யாரோட பேரையாவது அழிங்க. சாட் அப்படியே இருக்கட்டும், பேரை மட்டும்."

மகள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரின் பேரை அழித்தாள். சாட்டுக்குள் போனால் பழைய மெசேஜ்கள் எல்லாம் அப்படியே இருந்தன. மேலே பேர் இருந்த இடத்தில் வெறும் நம்பர்.

"பார்த்தீங்களா, பேரு சாட்டுல இல்ல. சாட்டுக்கு நம்பர்தான் தெரியும். போன்ல சேவ் பண்ணின பேரைத் தேடிப் பார்த்து மேல காட்டுது, அவ்வளவுதான். பேக்கப்புல மெசேஜ் வரும், பேரு வராது."

"அப்ப மத்த பேரெல்லாம்?"

"அதெல்லாம் கணக்குல சேவ் ஆனது. புதுப் போன்ல அதே கணக்கைப் போட்டதும் வந்துடுச்சு. இது பழைய போனுக்குள்ளயே சேவ் ஆகியிருக்கலாம். அப்படின்னா அது அங்கேயேதான் கிடக்கும்."

"இந்தம்மா அழிச்சும் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்" என்றார் கடைக்காரர், தயவு தாட்சண்யம் இல்லாமல். "புதுசுல அழிச்சிருந்தா கணக்குலயும் போயிருக்கும். பழசு உயிரோட இருந்தா தெரிஞ்சுடும்."

நர்ஸம்மா ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தாள்.

வாளிக்குள் விழுந்த போனைப் பிரித்துச் சுத்தம் செய்து, வேறொரு டிஸ்ப்ளேயைத் தற்காலிகமாக மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. பூட்டு எண்ணை மகளே போட்டாள். கணக்கிலிருந்து எதுவும் வந்து மாற்றிவிடாதபடி கடைக்காரர் நெட்டை அணைத்துவிட்டு அந்த நம்பரைத் தேடினார். பேர் வந்தது. அதன் கீழே, சேமித்த இடம்: போன். "கணக்குக்கே போகல. புதுசுல அழிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

பேர்: சின்னவன்.

மகள் திரையைத் தொடவில்லை. சின்னவன் என்று அந்த வீட்டில் கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். அவளோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி நம்பரையும் மாற்றிக்கொண்டுவிட்ட தம்பி. அவளுடைய அழைப்பை அவன் ஏன் எடுக்கவில்லை என்பதும், அப்பா ஏன் சுவரைப் பார்த்தார் என்பதும் அந்த மாடிப்படி நிழலிலேயே விளங்கிவிட்டன.

இருவரும் வீடு திரும்பினார்கள். வாசலில் மகள் சொன்னாள்: "மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு வந்துடுங்க."

"வர்றேன். அவருக்கு முதுகுல புண் வந்துடக் கூடாது. ஆனா இனிமே அந்தப் போனை நான் தொட மாட்டேன். பேரு போடுறதோ, சார்ஜ் போடுறதோ, நீங்களே வந்து பண்ணிக்குங்க."

மறுநாள் சாயங்காலம் மகள் அலுவலகத்திலிருந்து வந்தபோது போன் அணைந்து கிடந்தது. சார்ஜில் போட்டு, தம்பியின் நம்பருக்குப் பேர் போட்டாள். சாட்டின் மேல் 'சின்னவன்' என்று வந்தது. அதற்குள் புதிதாக ஒரு மெசேஜ் வந்திருந்தது. அவள் அதைத் திறப்பாளா என்று பெரியவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா போன் பக்கம் திரும்பாமலே அவர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்தாள்.