‘சரியாயிடும்’ சொல்லக் கூடாத ஞானகுமாரி

ஞானகுமாரி தன் குரலைத் தானே கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐயப்பன்தாங்கல் பிசியோதெரபி கிளினிக்கில், காத்திருந்த ஆறு பேர் முன்னிலையில். கேட்க வைத்தவர் துலுக்கானம். பூந்தமல்லிப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய போன் வருகிற போகிற பேச்சையெல்லாம் தானாகப் பதிவு செய்துகொள்ளுமாம். அதை அவர் இரண்டு வாரமாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

“கவலைப்படாதீங்க அண்ணா, சரியாயிடும்” என்றது போன், தேன் தடவிய குரலில்.

“கேட்டுக்கினீங்களா?” என்று துலுக்கானம் ஆறு பேரையும் பார்த்தார். “சரியாயிடும்னு இந்தம்மாதான் சொல்லிச்சு. மூணு தபா வந்துட்டேன். இன்னும் குனிஞ்சா செருப்பு கிட்ட கை போவ மாட்டேங்குது. சொன்ன வார்த்தைக்கு இன்னா பதில்?”

அந்தக் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பது ஞானகுமாரியின் வேலை. வயது நாற்பத்து மூன்று. மாங்காட்டிலிருந்து ஒரே பஸ். இதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கூந்தல் எண்ணெய்க் கம்பெனியின் போன் அறையில் ஏழு வருடம் இருந்தாள். இருபத்தோரு நாளில் முடி முளைக்கும் என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொன்னாள். வழுக்கைத் தலையோடு ஒருவர் கம்பெனிக்கே வந்து நின்ற அன்று வேலையை விட்டாள். மேனேஜருக்கே தலையில் முடி கிடையாது. அவர் அந்த எண்ணெயைத் தொட்டதே இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இங்கே வேலை வேறு மாதிரி. பிசியோதெரபிஸ்ட் பவ்யா, இருபத்தெட்டு வயது, போனில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடி உறை போட்டுக் கொடுத்திருந்தாள். முதுகுவலி என்று யார் கூப்பிட்டாலும் அதைப் படிக்க வேண்டும். முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆகும். வலி எப்போது வந்தது, என்ன செய்தால் கூடுகிறது, எப்படித் தூங்குகிறீர்கள், என்ன வேலை என்று முதலில் கேட்பார்கள். குனியச் சொல்வார்கள், நிமிரச் சொல்வார்கள், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள், பாதத்தில் பலமும் உணர்ச்சியும் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். தளர்வான உடை போட்டு வாருங்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் கொண்டு வாருங்கள். இதற்காகப் புதிதாக எடுக்க வேண்டாம். அன்றைக்கே இரண்டு மூன்று பயிற்சி சொல்லித் தருவோம். ஒன்றிரண்டு நாள் உடம்பு கொஞ்சம் வலிக்கலாம். கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: ‘பலருக்கு வலி குறைகிறது. உங்களுக்கு எவ்வளவு குறையும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது.’

ஞானகுமாரி ஒரு வரி விடாமல் படித்தாள். சிவப்பு வரியையும் படித்தாள். படித்து முடித்ததும், போனை வைப்பதற்கு முன்னால், “சரியாயிடும்” என்றாள். அது தாளில் இல்லை, நாக்கில் இருந்தது. இழவு வீட்டிலும், பரீட்சையில் தோற்ற பிள்ளையிடமும், மூழ்கிய மோட்டார் பம்பிடமும் சொல்கிற வார்த்தை. சொல்கிறவரும் நம்புவதில்லை, கேட்கிறவரும் நம்புவதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். துலுக்கானம் நம்பிவிட்டார்.

பவ்யா துலுக்கானத்தை உள்ளே அழைத்துப் போய்ச் சோதித்தாள். முதல் நாள் அவரால் ஒரு நடை ஓட்டுவதற்குள் ஆட்டோவை ஓரம் கட்டி இறங்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு நடை உட்கார முடிகிறது. செருப்பு இன்னும் தூரத்தில்தான். சொல்லித் தந்த பயிற்சியை வீட்டில் செய்தீர்களா என்று கேட்டதற்கு அவர், “சரியாயிடும்னு சொல்லிட்டாங்களேம்மா, அப்புறம் இன்னாத்துக்கு செய்யணும்?” என்றார்.

வெளியே வந்த பவ்யா கோபப்படவில்லை. “அக்கா, அந்த ஒரு வார்த்தை வேணாம். அதைக் கேட்டா மத்ததெல்லாம் அவங்க காதுல விழாது.”

“வேற என்னா சொல்லி வெக்கிறது மேடம்? மொட்டையா வெச்சா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்குமே.”

 பவ்யாவின் நான்கு வருடப் படிப்பில் அதற்குப் பாடம் இல்லை.

இந்தச் சேதி கிளினிக் முதலாளி சத்தியராஜின் காதுக்குப் போனது. வெள்ளானூர்ப் பக்கம் மனை விற்றுப் பிழைத்தவர். அவர் மனை வைத்த இடத்தில் எல்லாம் சாலை வரப்போகிறது, பள்ளிக்கூடம் வரப்போகிறது, ரயில்கூட வந்தாலும் வரும். ஒருநாள் முழங்கால் வலிக்கு யாரிடமோ போய், இதுவும் நல்ல தொழில்தான் என்று கண்டுபிடித்து, பவ்யாவை வேலைக்கு வைத்துக் கிளினிக் திறந்தார். அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு.

“நீ போன்ல சொல்றதுலயே உருப்படியான ஒரே வார்த்தை அதுதாம்மா. அதையும் எடுத்துட்டா என்னா மிச்சம்? எதிர்த்த கடையைப் பாரு. மூணே நாள்ல முழு குணம், கியாரண்டின்னு போர்டு. நம்ம மட்டும் உறுதி சொல்ல முடியாது, உறுதி சொல்ல முடியாதுன்னு ரேஷன் கடை மாதிரி சொல்லிக்கிட்டு.”

எதிர்க் கடையில் மூன்று நாளில் முழுக் குணமான இரண்டு பேர் இங்கே காத்திருந்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

“சனிக்கிழமை நான் வந்து பக்கத்துல உக்காருவேன். வர்ற போன்ல பாதிப் பேராவது அப்பாயின்ட்மென்ட் போடணும். இல்லன்னா திங்கக்கிழமையிலிருந்து பதிவு பண்ண குரல்தான் போன்ல பேசும். என் சிநேகிதன் ஒருத்தன் விளம்பரத்துக்குக் குரல் குடுக்கிறவன். ‘முழு குணம்’னு அவன் சொன்னா செத்தவன் எழுந்து உக்காருவான்.”

குரலுக்கு அந்த வேலை போனால் ஞானகுமாரிக்கு வேலை இல்லை. மகள் பெனிஷாவுக்கு நர்சிங் இன்னும் ஒரு வருடம் பாக்கி. எண்ணெய்க் கம்பெனியில் திரும்பவும் எடுத்துக்கொள்வார்கள், சந்தேகமே இல்லை. மேனேஜர் இன்னும் அதே தலையோடுதான் இருந்தார்.

சனிக்கிழமை காலை சத்தியராஜ் நாற்காலி போட்டு, தேர்வு மேற்பார்வையாளர் போல உட்கார்ந்தார். துலுக்கானமும் தன் முறைக்காகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

முதல் போன் ஒரு ஆண். சிவப்பு வரி வரைக்கும் கேட்டார். “அப்ப குணம் ஆவாதா?” என்றார். “டாக்டர் பாத்தாதாங்க சொல்ல முடியும்” என்றாள். வைத்துவிட்டார். சத்தியராஜ் ஒரு விரலை மடக்கினார்.

இரண்டாவது ஒரு பெண். “கரண்ட்டு மிஷின் வெப்பீங்களா?”

“தேவைப்பட்டா மட்டும்தாங்க. பயிற்சிதான் முக்கியம்.”

“மிஷின் இல்லாம வெறுங்கையிலயா? அதுக்கு நான் ஊட்லயே கீறேன்.” இரண்டாவது விரலும் மடங்கியது.

மூன்றாவது போனில் மூச்சு வாங்கியது. ஒரு பெண் தன் கணவனுக்காகப் பேசினாள். மூட்டை தூக்குகிற வேலை. முதுகுவலி பத்து நாளாக. இன்றைக்கே வரலாமா என்று கேட்டாள். சத்தியராஜின் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டி, போடு போடு என்று கையால் எழுதிக் காட்டினார்.

தாளில் அடுத்து இருந்தது ஒரு கேள்வி: ‘சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் உண்டா? தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறதா?’ ஆரம்பத்தில் இதை அப்படியே படித்தபோது பாதிப் பேர், “சுகர் இல்லீங்க” என்று பெருமையாகச் சொன்னார்கள். அதனால் அவளே மாற்றிவைத்திருந்தாள்.

“அவருக்கு ஒண்ணுக்குப் போறது ஒழுங்கா போவுதாம்மா? உக்கார்ற இடத்துல தொட்டா தெரியுதா? வெக்கப்படாம சொல்லு.”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “நேத்து மதியத்துலேர்ந்து போவவே இல்லக்கா. வருது மாதிரிகூட தெரியலையாம். அங்கல்லாம் மரமரன்னு கீதாம். காலும் தள்ளாடுது. சூடு புடிச்சிருக்கும்னு மோர் குடுத்தேன்.”

ஞானகுமாரி தாளைக் கீழே வைத்தாள். “இங்க வராதீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. நூத்தியெட்டுக்கு அடி. இதையெல்லாம் என்கிட்ட சொன்ன மாதிரியே அங்கயும் சொல்லணும். நாளைக்குன்னு வெக்காத.” உள்ளே ஓடிப் பவ்யாவைக் கூட்டி வந்தாள். பவ்யா போனை வாங்கி, தண்டுவட நரம்பு நசுங்கியிருக்கலாம், நேரம் போகக் கூடாது என்று அதையே இன்னொரு முறை சொன்னாள், திருப்பிக் கொடுத்தாள்.

“அக்கா, அவுருக்கு சரியாயிடுமாக்கா?”

வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. மோர் கொடுத்த கை அது. சரியாயிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தக் கை இன்னொரு டம்ளர் மோர் ஊற்றும். ஞானகுமாரி பல்லைக் கடித்தாள்.

“பாக்கலாம்மா. மொதல்ல கெளம்பு. போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ணு.”

வைத்தாள். மொட்டையாக இல்லை. அவளுக்கே ஆச்சரியம்.

சத்தியராஜ் மூன்றாவது விரலை மடக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார். “வர்றேன்னு சொன்ன ஒரே ஆளையும் வேற எடத்துக்கு அனுப்பிட்டே. ரொம்ப நல்லா இருக்கு. அதுலயும் ‘பாக்கலாம்’. நம்ம ஊருல பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம், தெரியுமா?”

சுவரோரத்திலிருந்து துலுக்கானம் தொண்டையைச் செருமினார். “அண்ணாத்தே, என் மச்சினிச்சி ஒன்னான்ட வெள்ளானூர்ல மனை வாங்கிச்சு. ரெண்டு வருசத்துல ரோடு வந்துடும்னு சொன்ன. ஒம்போது வருசம் ஆவுது. இன்னும் வரப்பு மேலதான் நடந்து போய் மனையைப் பாத்துட்டு வருது. நீ அன்னிக்கே ‘பாக்கலாம்’னு சொல்லியிருந்தா அது வாங்கியிருக்காது.”

காத்திருந்தவர்கள் சிரிப்பை அடக்க, முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“இவங்க சரியாயிடும்னு சொன்னதுக்கு நீதானேப்பா சண்டை போட்டே?” என்றார் சத்தியராஜ்.

“அதான் சொல்றேன் நைனா. அத்த நம்பி ரெண்டு வாரம் பயிற்சியே செய்யாம கெடந்தேன். இப்ப அஞ்சு நாளா பயிற்சி செய்றேன். செருப்பு எட்டல. முட்டிக்குக் கீழ போவுது. இனிமே என்னான்ட யாரும் நல்ல வார்த்தை சொல்லாதீங்க.”

சத்தியராஜ் எழுந்தார். திங்கட்கிழமை சிநேகிதன் வருவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவர் வந்தபோது ஞானகுமாரி போனில் இருந்தாள். அந்த மூட்டை தூக்குகிறவரின் மனைவி. அன்றைக்கே ஸ்கேன் எடுத்து, ராத்திரியே ஆபரேஷன் செய்தார்களாம். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். கால் அசைகிறது, மூத்திரத்துக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள், அது எப்போது பழையபடி ஆகும் என்று அவர்களும் உறுதி சொல்லவில்லையாம்.

“பெரிய ஆஸ்பத்திரிலயும் உறுதி சொல்லலையா?” என்றார் சத்தியராஜ், ஏமாற்றத்தோடு.

“சொல்லலையாம் சார். போர்டும் வெக்கலையாம்.”

அவர் சிவப்பு வரியை ஒரு முறை படித்தார். எதிர்க் கடை போர்டை ஒரு முறை பார்த்தார்.

“குரல் குடுக்கிறவரு எப்ப வர்றாரு சார்? நான் மேசையைக் காலி பண்ணணும்.”

“பாக்கலாம்” என்றார் அவர்.

ஞானகுமாரி நிமிர்ந்தாள். “எந்தப் பாக்கலாம் சார்? உங்களுதா, எங்களுதா?”

அவர் முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கினார். அந்தச் சிநேகிதன் அன்றும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. போன் அடித்தது. யாருக்கோ முதுகுவலி. ஞானகுமாரி தாளை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.