அறுபத்தைந்து அங்குல டிவியும் உங்கள் அம்மாவின் கண்ணும்

பிள்ளைகளா, ஹாலில் இருக்கும் பெரிய டிவியை ஏன் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம் என்று கேட்டீர்கள். ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அது பொய். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பழைய டிவி போனதும் நானும் அம்மாவும் கோலா சிலாங்கூரில் ஒரு கடைக்குப் போனோம். விற்பவர் நம்மவர்தான். விலையைச் சொல்லும் முன்பே, என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். அம்மா செய்தியும் நாடகமும் பார்ப்பாள். நான் ஆலைக்கு லோரி ஓட்டிவிட்டு வந்து பாதிச் செய்தியில் தூங்கிவிடுவேன். உள்ளதைச் சொன்னேன். அவர் ஒரு நாற்பது அங்குல டிவியைக் காட்டினார்.

"செய்தி, நாடகத்துக்கு இது போதும்ணே. படம் பாக்கறவங்கதான் பெருசு எடுப்பாங்க."

பக்கத்தில் அறுபத்தைந்து அங்குலத்தில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. இலையில் விழுந்த மழைத்துளி தனித்தனியாகத் தெரிந்தது. விலை மூன்று மடங்கு. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு வந்தால் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியில் படம் பார்க்கிறீர்கள். இது இருந்தால் ஒன்றாக உட்காருவீர்கள் என்று நினைத்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பிள்ளைங்க வர்றது வருசத்துல ரெண்டு வாட்டிதான்லா."

விற்பவர் முன்னாலேயே அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன். பெரியதையே எடுத்தேன்.

தீபாவளிக்கு நீங்கள் அதில் இணையத்திலிருந்து படம் போட்டீர்கள். தியேட்டர் மாதிரி இருக்கிறது என்றீர்கள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அன்றைக்கு உங்கள் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள், திரும்பிப் போனாள். ஒரு காட்சிகூட அவள் பார்க்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

நீங்கள் போன பிறகு அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சுவர் வந்துவிட்டது. அப்புறம் முன்னால் இழுத்தாள். சில நாள் கழித்து டிவியைப் பார்க்காமல், தலையைச் சாய்த்து நாடகத்தைக் கேட்க மட்டும் செய்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். கதை நன்றாக இல்லை என்றாள். கடையில் நான் பேசியதற்கு இன்னும் முறைக்கிறாள் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போயிற்று.

ஒரு நாள் காலையில் மாத்திரை உறையை என்னிடம் நீட்டி, தான் படித்த பெயர் சரிதானா என்று பார்க்கச் சொன்னாள். சர்க்கரைக்குத் தினமும் சாப்பிடும் மாத்திரை. ஏன் என்று கேட்டேன்.

"கண்ணு போகுதுங்க. நாடகத்துல யாரு முகமும் சரியா தெரியல. இனிப்புநீர் கண்ணுல வரும்னு டாக்டர் சொன்னாருல்ல, அதுதான்."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன்.

"ஆசையா வாங்குனீங்க. பாக்க முடியலன்னு எப்பிடிச் சொல்றது?"

அன்றே கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது என்றார். அவளோ நம்பவில்லை. அப்படியானால் முகம் ஏன் மங்குகிறது என்று காரில் கேட்டுக்கொண்டே வந்தாள். டிவியில்தான் ஏதாவது கோளாறோ என்று நேராக அந்தக் கடைக்கே ஓட்டினேன்.

மருந்து விட்ட கண் கூசியதால் அம்மா கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். விற்பவர் எந்தச் சேனல், சேனல் வரும் டிகோடர் பெட்டி எது, எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள் என்று கேட்டார். நம் ஹாலில் ஏழு அடிதான். வீட்டில் இருப்பதும் பழைய பெட்டி. நாடகம் வரும் சேனலோ பெட்டியை மாற்றினாலும் பழைய தரத்தில்தான் வருமாம்.

"ரொட்டி மாவ வீசி இழுத்தா மெலிஞ்சிடும்லக்கா? சின்னப் படத்த இம்மாம் பெரிய டிவில இழுத்தாலும் அப்பிடித்தான். இணையத்துல நல்ல தரத்துல ஒரு படம் போட்டுப் பாருங்க, தெரியும்."

பிறகு என்னைப் பார்த்து, "அதுக்குத்தாண்ணே அன்னைக்கே கேட்டேன், என்ன பாப்பீங்கன்னு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுட்டது.

மறுநாள் நீங்கள் போட்ட அதே படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அந்த நடிகையின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டதால் பெரிய டிவியைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. அன்று காட்டிய நாற்பது அங்குலத்தை வாங்கி அவள் நாற்காலிக்கு எதிரே வைத்தேன். அதில் முகங்கள் தெரிகின்றன. மறுபடி நாடகம் பார்க்கிறாள். பெரியது நீங்கள் வரும்வரை துணிக்குள் இருக்கும்.

நீங்கள் டிவி வாங்கும்போது, தினமும் அதன் முன்னால் உட்காரப்போவது யார் என்று பார்த்து வாங்குங்கள். இதற்காகத்தான் எழுதினேன். ஆனால் அந்த ஒரு மாத பயம் அம்மாவை விட்டுப் போகவில்லை. மழை நேரத்தில் படம் கொஞ்சம் கலங்கினாலும் என் பக்கம் திரும்பிக் கேட்கிறாள்.

"என்னங்க, இது டிவியா, என் கண்ணா?"

டிவிதான் என்கிறேன். அப்படியும் அவள் ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கிறாள், பிறகு மறு கண்ணை.