ஆயா என்று எழுதிய விண்ணப்பம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூத்த மகள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் பன்னிரண்டு வருடம் ஆயா. பதுளைக் காப்பகமொன்றில், அனுபவமுள்ள சிறுவர் பராமரிப்பு உதவியாளர் தேவை என்று அறிவித்தல் போட்டிருந்தார்கள். மகளின் விண்ணப்பத்தோடு இரண்டு பேரும் அங்கே போனோம்.

"இதுல ஆயான்னுதானே இருக்கு? போய் கக்கூசு கழுவு," என்று கிளாக்கர் விண்ணப்பத்தைக் கிழித்தான்.

என் குடைக்கம்பு அவன் நெற்றியில் இறங்கியது. மேசையெல்லாம் ரத்தம். என் கழுத்தைப் பிடித்தான், கையைக் கடித்தேன்.

ஓடிவந்த பொறுப்பாளர் அம்மா எங்களைப் பிரித்துவிட்டு, "அங்க என்ன வேல செஞ்சீங்க?" என்று மகளிடம் கேட்டார். பால் கொடுத்தது, நிறை பார்த்தது, தடுப்பூசி அட்டை பார்த்தது எல்லாம் சொன்னாள். அறிவித்தலில் இருந்ததும் அதே வேலைகள்தான்.

"வேலயோட பேர மட்டும் எழுதினா எப்படிங்க? செஞ்சதையும் எழுதித் தாங்க," என்றார் அம்மா.

மகளுக்கு வேலை கிடைத்தது, எனக்குப் பொலிஸ். வெட்கமில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத வாசிச்சுக் காட்டு. நான் அவனக் கடிச்ச இடத்த விட்டுறாத.