பூஜ்யத்துக்குப் பச்சை

அந்த மருந்துக்கடையில் அவளை எல்லோரும் பச்சைக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பில் போடும் பெண் வைத்த பேர் அது. கோபப்படுவாள் என்று பார்த்தால் பச்சைக்கா சிரித்துவிட்டாள். பேரும் ஒட்டிக்கொண்டது.

ஸ்டாக் பார்ப்பது அவள் வேலை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு திரை. அதில் மருந்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம். கட்டத்தைத் தொட்டால்தான் கையிருப்பு எத்தனை என்று காட்டும். தொடாவிட்டால் பேரும் நிறமும் மட்டும். பில் விழ விழ ஸ்டாக் கழிந்து, அரைமணிக்கு ஒருமுறை திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு மருந்துக்கும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. ஒரு நாளைக்கு எவ்வளவு விற்கிறது, ஆர்டர் போட்டால் வந்துசேர எத்தனை நாள், அதற்கு மேல் ஆபத்துக்குக் கொஞ்சம் என்று கணக்குப் பார்த்து அதைப் போட வேண்டும். கையிருப்பு அந்த அளவுக்குக் கீழே போனால் சிவப்பு. அதை நெருங்கினால் மஞ்சள். இரண்டும் இல்லையென்றால் பச்சை.

எல்லாம் நல்ல ஏற்பாடுதான். கெடுத்தது முதலாளியின் போன். அதே திரை அவர் கைக்குள்ளும் தெரிந்தது. மனிதர் எங்கே இருந்தாலும், சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும், ஒரு சிவப்பைப் பார்த்துவிட்டால் போதும்.

"என்னம்மா, திரை பூரா ரத்தமா இருக்கு? நீ அங்க என்னதான் பண்ற?"

"ஆர்டர் போட்டுரட்டுமா சார்?"

"விக்காத சரக்கையெல்லாம் வாங்கி அடுக்கச் சொல்றியா? முடியலைன்னா சொல்லு, என் மச்சினி பொண்ணு வீட்ல சும்மாதான் இருக்கா."

ஆர்டரும் போடக் கூடாது, சிவப்பும் தெரியக் கூடாது. எந்த ஊர் நியாயம் இது? ஆனால் இடுப்பொடிந்து வீட்டில் படுத்திருக்கும் புருஷனை வைத்துக்கொண்டு நியாயம் பேச அவளால் முடியுமா? மச்சினி பொண்ணு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் ஆர்டர் பேச்சை விட்டுவிடுவாள்.

ஒரு நாள் அவளுக்கு வழி தெரிந்தது. நிறத்தை மாற்ற முடியாது. அளவை மாற்றலாமே! அவ்வளவாகப் போகாத மருந்துகளுக்கு அளவைக் குறைத்தாள். அடுத்த அரைமணியில் சிவப்பெல்லாம் மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. போன் வரவில்லை. அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சோறு தின்றாள். திரை எந்நேரமும் பச்சையாக இருக்கப் போய்த்தான் பச்சைக்கா என்ற பேரும் வந்தது.

அந்தக் கடையில் வலிப்பு மாத்திரை ஒன்றை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் விற்றார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் தையல்காரர், தன் மகளுக்காக வாங்குவார். தாயில்லாத பெண். காலேஜ் முடிக்கப்போகிற வயது. அப்பாவோடு கடைக்கு வந்தால் பச்சைக்காவின் ரவிக்கையைப் பார்த்து, "அக்கா, தோள்ல சுருங்குது பாருங்க, கழட்டிக் கொடுங்க, அப்பாவைப் பிரிச்சுத் தைக்கச் சொல்றேன்" என்று வம்பிழுப்பாள். நடுவில் சில மாதம் இருவரும் தையல்காரரின் தங்கை வீட்டில் போய் இருந்தார்கள். மாத்திரை நகரவில்லை. காலாவதி நெருங்கவே, இருந்த அட்டைகளை மொத்த வியாபாரியிடம் திருப்பியனுப்பினார்கள். கட்டம் சிவந்தது. பச்சைக்கா யோசிக்கவேயில்லை. யாருமே வாங்காத மருந்துக்கு எதுக்கு அளவு என்று பூஜ்யம் போட்டாள்.

இருப்பும் பூஜ்யம், அளவும் பூஜ்யம். பூஜ்யம் பூஜ்யத்துக்குக் கீழே போகுமா? போகாது. அளவே இல்லாதபோது நெருங்குவது ஏது, அதனால் மஞ்சளும் இல்லை. கட்டம் பச்சைப்பசேலென்று ஆனது. அலமாரியில் ஒரு அட்டைகூடக் கிடையாது.

அப்பாவும் மகளும் திரும்பி வந்த மறுநாள் காலை தையல்காரர் போன் செய்தார்.

"அக்கா, நம்ம பொண்ணு மாத்திரை இருக்கா? நேத்து ராத்திரியோட தீர்ந்துபோச்சு. யூனிஃபார்ம் துணி வெட்டிப் போட்டிருக்கேன், சாயங்காலம் வந்தா ஆகுமா? இல்ல இப்பவே ஓடி வரவா?"

பச்சைக்கா கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். கட்டத்தைத் தொடவில்லை. அவள் கண்ணுக்கு நிறம் போதும் என்று ஆகி எவ்வளவோ நாளாயிற்று.

"பச்சையா இருக்குண்ணே. எங்க போயிரப்போகுது? வேலையை முடிச்சுட்டு மெதுவா வாங்க."

மத்தியானம் மொத்த வியாபாரியின் வண்டி வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வண்டியிலேயே மாத்திரை வந்து இறங்கியிருக்கும்.

சாயங்காலம் தையல்காரர் வந்து நின்றபோது அவள் அலமாரிக்குள் கை விட்டாள். கை பின்பலகையில் போய் முட்டியது. மேல் தட்டைப் பார்த்தாள், கீழ்த் தட்டைப் பார்த்தாள். பிறகுதான் கட்டத்தைத் தொட்டாள். பூஜ்யம் என்று காட்டியது.

"என்னக்கா?"

"இல்லண்ணே... இல்ல."

"இருக்குன்னீங்களே!"

அவள் மூன்று கடைகளுக்குப் போன் போட்டாள். எங்கேயும் இல்லை. பார்மசிஸ்ட் உள்ளேயிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். "வேற மாத்திரை நானா மாத்திக் கொடுக்க முடியாதுங்க. காலையிலயும் போடலையா? அப்ப இனிமே தாமதிக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க, அங்க இருக்கும்" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். தையல்காரர் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கத் தொங்க ஓடினார்.

மாத்திரை அங்கே கிடைத்தது. அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள். குளியலறையில் வலிப்பு வந்து, நிரம்பி வழியும் தொட்டிக்குள் தலை கவிழ்ந்து கிடந்தாள் பெண். மூச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. நாசமாய்ப் போன பச்சை!

முதலாளி மறுநாள் நேரிலேயே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்:

"யாராவது கேட்டா சிஸ்டம் கோளாறுன்னு சொல்லு. வாயத் திறக்காத. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் அவர் போனதும் உட்கார்ந்து, தான் குறைத்த அளவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி ஏற்றினாள். சிவந்ததற்கெல்லாம் யாரையும் கேட்காமல் ஆர்டர் போட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டாள். வலிப்பு மாத்திரைக்குப் பத்து அட்டை என்று அளவு போட்டு, இருபது வரவழைத்தாள். வாங்க ஆள் இல்லை என்று தெரிந்தேதான் செய்தாள்.

சில வாரம் கழித்துத் தையல்காரர் தலைவலி மாத்திரை வாங்க வந்தார். மனிதர் பாதியாகியிருந்தார். அவள் மாத்திரையைக் கொடுத்தாள். அவர் நகரவில்லை.

"சிஸ்டம் கோளாறுன்னாங்க."

பச்சைக்கா சுற்றிப் பார்த்தாள். பில் போடும் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பார்மசிஸ்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார். மச்சினி பொண்ணு, படுத்திருக்கும் புருஷன், எல்லாம் கண்முன் வந்து போயிற்று.

"கோளாறு இல்லண்ணே. நான்தான் அளவுல பூஜ்யம் போட்டேன். திட்டு வாங்கக் கூடாதுன்னு போட்டேன். நீங்க கேட்டப்ப எடுத்துப் பாக்காம சொல்லிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுல எங்க இருக்கு, பொண்ணோட மாத்திரை?"

அவள் விரலால் காட்டினாள். பச்சை.

"இப்ப நிஜமாவே இருக்கா?"

அவள் அலமாரிக்குப் போய், இருபது அட்டைகளையும் இரு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் மேலே இருந்த ஒரு அட்டையை எடுத்து, ஒவ்வொரு மாத்திரையாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இருக்கு" என்றார். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.