திலகம் அக்கா சொன்ன இங்கிலீசு

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் மாடிக் கட்டடத்தில், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டால் கோபப்படுகிற ஒரே ஆள் திலகம் அக்காதான். "எனக்கேன் ஆள்? எனக்கு இங்கிலீசு தெரியும்" என்பார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் பொதி கட்டிக்கொண்டே கொஞ்சம் படித்தார். மிச்சம் ஊரிலிருந்து கொண்டு வந்தது.

அந்த ஊர் இங்கிலீசு அவரை ஒருமுறை நன்றாக அலைய வைத்தது. வந்த புதிதில் பசி தாங்காமல் கூட வேலை செய்த வெள்ளைக்காரியிடம் ஹோட்டல் எங்கே என்று கேட்டார். அவள் காட்டிய இடத்தில் ஆட்கள் பெட்டி இழுத்துக்கொண்டு அறை எடுக்க நின்றார்கள். "அவைக்கு ஹோட்டல் எண்டா படுக்கிறதாம், சாப்பிடுறது வேற இடமாம்!" என்று தானே சொல்லிச் சிரிப்பார். புருஷன் வில்வராசா அண்ணை விடமாட்டார். "உம்மட இங்கிலீசு யாழ்ப்பாணத்தில செய்தது. பழுதாப் போனா இஞ்ச திருத்த ஆளில்லை." அப்படிக் குத்திக் கதைத்தாலும், அக்கா தேத்தண்ணி போடாத நாளில் அந்த மனுசன் பச்சைத் தண்ணியும் குடிக்காது.

ஒரு ஞாயிறு காலை அந்தத் தேத்தண்ணிக் கோப்பையோடு அண்ணை நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். அக்கா பதறவில்லை. அவசர இலக்கத்தை அழுத்தினார். மொழிபெயர்க்கத் தமிழ் ஆளை இணைக்கவா என்று எடுத்தவள் கேட்டதற்கு வேண்டாம் என்றார். ஏன் வேண்டும்? சொல்ல வேண்டிய சொல்லே இங்கிலீசுதானே. "ஹஸ்பண்ட். அட்டாக்" என்றார்.

எங்களுக்கு அட்டாக் என்றால் மாரடைப்பு, வேறெதுவும் சேர்க்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அது யாரோ யாரையோ அடித்துப் போட்ட செய்தி. யாராவது தாக்கினார்களா என்று கேட்டாள். "யெஸ், யெஸ், அட்டாக்." அந்த ஆள் இன்னும் வீட்டில் இருக்கிறானா? அந்த ஆள் என்றது புருஷனைத்தான் என்று நினைத்து, "யெஸ், ஹியர்" என்றார் அக்கா. ஒவ்வொரு ஆமாவுக்கும் வண்டி விரைவாக வரும் என்று நம்பினார்.

அடித்தவன் உள்ளே இருக்கிற வீட்டுக்கு, பொலிஸ் போய்ப் பார்க்கும் வரை ஆம்புலன்ஸ் போகாது. அது அவர்கள் ஒழுங்கு, பிழை சொல்ல முடியாது. அக்கா கூப்பிட்டு ஓடி வந்த நான் யன்னலால் பார்த்தேன், வண்டி தெருமுனையில் விளக்கு மின்ன நின்றது. "நாசமாப் போவார், ஏன் நிக்கிறாங்கள்!" என்று கத்தினேன். பிறகு பொலிஸ் வந்தது, அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ்காரர் மேலே ஓடி வந்தார்கள். அதற்குள் அண்ணை போய்விட்டார்.

நேரத்தோடு வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நடந்ததை ஆம்புலன்ஸில் வந்த ஒருத்தி அக்காவின் மகள் தர்சிகாவிடம் சொல்லிவிட்டாள். தர்சிகா படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்ரி, அம்மாட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. செத்துப் போவா." நானும் தலையாட்டினேன்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அக்கா அதையே சொன்னார். "நான் பதறேல்லை. இங்கிலீசிலயே சரியாச் சொன்னனான். பொலிஸ்கூட ஓடி வந்தது. விதி, என்ன செய்யிறது?" அந்த ஒரு ஆறுதலில்தான் அவர் சாப்பிட்டார், நித்திரை கொண்டார்.

பனிக்காலம் முடிந்ததும் முதியோர் சங்கக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினார். தர்சிகாவும் நானும் கூடப் போவோம். ஒருநாள் அங்கே ஆபத்தில் என்ன செய்வது என்று கதை வந்தது. அக்கா எழுந்து நின்றார். "பயப்பிடாதேங்கோ. மொழிபெயர்ப்பு ஒண்டும் வேண்டாம். அட்டாக் எண்டு மட்டும் சொல்லுங்கோ, விளங்கும்." வந்திருந்தவர்களில் அரைவாசிக்கு மேல் இதய நோயாளிகள். ஒரு கிழவி மறக்காமலிருக்க அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

நான் தர்சிகாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா, அப்பிடிச் சொல்லக் கூடாது" என்றாள்.

"ஏனடி? நான் சொன்னனான்தானே?"

"இவையின்ர இங்கிலீசில அட்டாக் எண்டா ஆரோ அடிச்சுப்போட்டினம் எண்டுதான் அம்மா விளங்கும். ஹார்ட் எண்டு சொல்லோணும்."

அக்கா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"அதுதானோ பொலிஸ் முதல் வந்தது?" என்று மெல்லக் கேட்டார்.

தர்சிகா அழுதபடி தலையாட்டினாள். இனி அக்கா உடைந்து விழுவார் என்று நான் எழுந்தேன், தாங்கிப் பிடிக்க. அவர் என் கையைத் தட்டிவிட்டு அந்தக் கிழவியிடம் போனார்.

"அம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அட்டாக் எண்டு சொல்லாதேங்கோ. ஹார்ட் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டித் தமிழ் ஆளைக் கேளுங்கோ, வெக்கமில்லை. எங்க, ஒருக்காச் சொல்லுங்கோ."

"ஹார்ட்" என்றாள் கிழவி.

"இன்னொருக்கா" என்றார் திலகம் அக்கா. கண்ணீர் தாடையால் வடிந்துகொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை.