கடலைப் பார்க்க மறுத்த கண்

சுனாமி முகாமில் நான் புது டொக்டர். மீனவர் ஒருவர் தன் மனைவியைக் கூட்டி வந்தார்.

"மூணு கிழமையாத் தலையிடி, காய்ச்சல், டொக்டர். இப்ப எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம்."

அப்போது எங்களுக்கு எல்லா நோயும் சுனாமிப் பயம்தான். பனடோல் மாத்திரை கொடுத்து உளவள ஆலோசகரிடம் அனுப்பினேன். "வலப்பக்கம் இருக்கும் கடலை நோக்கி வலது கண் திரும்பவில்லை; கடும் பயம்" என்று அவர் எழுதினார். மெச்சிக் கையெழுத்திட்டேன்.

பத்தே நாளில் அந்தப் பெண் நினைவிழந்தார். ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீரெடுத்தார்கள். மூளையுறையில் காசநோய், கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு செயலிழந்திருந்தது. மருந்து கிருமியைக் கொன்றது. அதற்குள் இரத்தக்குழாய் அடைபட்டுச் செத்த மூளைப் பகுதியை அதனால் எழுப்ப முடியவில்லை.

இடது கைகால் அசையாமல், கணவர் போட்ட கதிரையில் நாள் முழுக்கக் கடலைப் பார்த்தபடி இருக்கிறார். பயத்தை முழுதாகக் குணமாக்கிவிட்டேன்.