நூறு சதவீத பேட்டரி

எங்கள் கடையில் பழைய போனுக்கு விலை சொல்வது நான்தான். ரிப்பேர் வேலை என் வீட்டுக்காரருடையது. கல்யாணமான புதிதில் அவரே விலையும் சொல்லிக்கொண்டிருந்தார். யார் வந்து கண்ணைக் கசக்கினாலும் இரக்கப்பட்டு ஐந்நூறு ஆயிரம் கூடக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் ஒருமுறை திருட்டுப் போன் ஒன்றை வாங்கி, ஸ்டேஷனில் போய் நின்றோம். அன்றைக்கு ஆத்திரத்தோடு கல்லாப்பெட்டிப் பக்கம் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஒரகடம் கூட்ரோட்டில் ஷிப்ட் பஸ்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே கடை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிப் பிள்ளைகள். சம்பளம் வந்த வாரம் வாங்குவார்கள், வேலையை விட்டு ஊருக்குப் போகிற வாரம் விற்பார்கள். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொய்யோ நிஜமோ எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "ஒரு தடவகூட கீழ விழல." "தண்ணியே பட்டதில்ல." "பாக்ஸ் ஊர்ல இருக்கு." ஊரில் இருக்கிற அட்டைப் பெட்டிகளையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினால் கூட்ரோடு கொள்ளாது.

பெட்டி இல்லையென்றால் நான் விலையைக் குறைப்பேன். வெறும் அட்டைக்கா இவ்வளவு என்று சண்டைக்கு வருவார்கள். அட்டைக்கு இல்லை. ஒவ்வொரு போனுக்கும் தனி நம்பர் உண்டு. அது போனுக்குள்ளும் இருக்கும், பெட்டியின் மேலும் ஒட்டியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால், விற்கிறவர் வாங்கியவராக இருப்பார் என்று பாதி நம்பலாம். பெட்டியும் பில்லும் இல்லாதபோது அந்த நம்பரை அரசாங்கத் தளத்தில் போட்டு, திருட்டு என்று முடக்கியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். ஆதார் நகல் வாங்கவேண்டும். அதன்பிறகும், நம்மிடம் வாங்க வருகிறவன் "பாக்ஸ் இல்லியா?" என்று மூக்கைச் சுளிப்பான். அந்தச் சுளிப்புக்கும் சேர்த்துத்தான் நான் குறைக்கிறேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு மத்தியானம். வீட்டுக்காரர் ஸ்பேர் வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கம்பெனி டீ-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை. முதலில் போனை நீட்டவில்லை. கண்ணாடிக்குள் இருந்த பழைய லேப்டாப் ஒன்றைக் காட்டி விலை கேட்டாள். இருபத்திரண்டாயிரம் என்றேன்.

"இதுல டிசைன் சாஃப்ட்வேர் ஓடுமாக்கா?"

ஓடும் என்றேன். டிப்ளமோ முடித்தவளாம். லைனில் நின்று போர்டு அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு சின்ன கம்பெனியில் டிசைன் பிரிவில் எடுத்துக்கொள்கிறார்களாம், ஆனால் லேப்டாப் சொந்தமாகக் கொண்டுவரவேண்டுமாம், திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டுமாம். "இந்த போனக் குடுத்துட்டு அத எடுத்துக்கலாமான்னு வந்தேன். இது போனாத்தான் அது வரும். வேற வழியில்ல" என்று அப்போதுதான் போனை எடுத்து வைத்தாள்.

பின்னால் கடித்த ஆப்பிள் பழம் போட்ட போன். எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. லைனில் நிற்கிற பிள்ளை கையில் இந்தப் போன் எப்படி வந்தது? கேமராவைச் சுற்றிப் பிசின் கறுத்து ஒட்டியிருந்தது. உள்ளே படம் எடுக்காமலிருக்க, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிகள் போன் கேமரா மேல் தினமும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள், வெளியே வந்து கிழித்துப் போடுவார்கள். ஆக, மாதக்கணக்காக இவளோடுதான் கம்பெனிக்குப் போய் வந்திருக்கிறது. சரி, நேற்று திருடியது இல்லை.

"பாக்ஸ் வச்சிக்கீறியாம்மா?"

"இல்லக்கா. வாங்கும்போதே பாக்ஸ் இல்லன்னுதான் குடுத்தாவ."

"அப்போ செகண்ட்ஸ்ல வாங்கினதா? யாராண்ட?"

"தெரிஞ்ச எடத்துலதான்" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. என் சந்தேகம் ஒரு படி ஏறியது. நம்பரைத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். சுத்தம். செட்டிங்ஸில் பேட்டரியைப் பார்த்தேன். நூறு சதவீதம் என்றது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மாடல். தினம் ஹாஸ்டலில் சார்ஜ் ஏறுகிறது. எண்பது, எண்பத்தைந்து என்றால் நம்புவேன். பேட்டரி மாற்றியிருந்தால் நூறு காட்டலாம். ஆனால் கடையில் மாற்றினால், இது எந்தப் பாகம் என்று தெரியவில்லை என்று போனே காட்டிக்கொடுத்துவிடும். இது எதையும் காட்டவில்லை. எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். மாற்றவேயில்லை, வாங்கிய நாளிலிருந்து நூறுதான் என்றாள்.

"வாங்கி எத்தினி மாசம்?"

"அஞ்சாறு மாசம் ஆவுது."

"அஞ்சாறு மாசமா ஒரு பாயிண்ட்கூட எறங்கலியா? பேட்டரியா இல்ல சாமி சிலையா?"

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து, வீடியோவை ஓடவிட்டு, போனை மேஜைமேல் வைத்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் எழுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்குச் சரிந்தது. திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். திறங்க என்றாள். வீட்டுக்காரரின் ரிப்பேர் பெஞ்சில் சூடுகாட்டித் திரையைத் தூக்கினேன். நினைத்தது சரி. பேட்டரியின் வால் போன்ற இணைப்புக்கும் போர்டுக்கும் நடுவே நகம் அகலத்துக்கு ஒரு பட்டை செருகியிருந்தது. செத்துக்கொண்டிருக்கிற பேட்டரியை நூறு என்று சொல்லவைக்கிற பட்டை. எண்ணைத்தான் மாற்றும், சார்ஜை நிற்கவைக்காது. இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது என் வீட்டுக்காரர்தான்.

எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். ஒரு களவைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"பாரும்மா, பேட்டரி, பாக்ஸ், பில்லு எல்லாம் சரியா இருந்தா இருபத்திநாலு போடுவேன். பாக்ஸ் இல்ல, பில்லு இல்ல, அதுக்கு ரெண்டு போச்சு. பேட்டரி மாத்தணும். தொறந்த போன், தண்ணி தாங்குற சீல் போயிடுச்சு. வாங்கறவனாண்ட நான் அத சொல்லித்தான் விக்கணும். பதினாறு. அதுக்கு மேல முடியாது."

"லேப்டாப்புக்கு ஆறாயிரம் எட்டலையே" என்றாள் மெதுவாக. பிறகு கேட்டாள்: "அக்கா, இந்தப் பட்ட தானா வந்து ஒட்டியிருக்காதுல்லா?"

"தானா எப்டி வரும்? ஒருத்தன் குந்திகினு வேல பாத்துக்கீறான்."

"அப்போ எனக்கு வித்தவருக்குத் தெரியாம இருக்கவும் வாய்ப்பு உண்டுல்லா? அவரும் யார்ட்டயாவது ஏமாந்திருக்கலாம்."

"கடக்காரனா?"

"ஆமா. ரிப்பேரும் பாப்பாவ."

"ரிப்பேர் பாக்கறவனுக்குத் தெரியாதா? நானே பத்து நிமிஷத்துல கண்டுபுட்ச்சேன். தெரிஞ்சேதான் உன் தலையில கட்டிக்கீறான். வயித்தெரிச்சல்ல சம்பாதிக்கிற திருட்டுப் பய. எந்தக் கடைன்னு சொல்லு, நானே வந்து கேக்கறேன்."

இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"இந்தக் கடதான்க்கா. அந்தச் சேர்ல இருந்த அண்ணன்தான் குடுத்தாவ. உங்க அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன், நீங்க இல்லன்னு சொன்னாவ. 'என் தங்கச்சிக்குக் குடுக்கற ரேட்டுல குடுக்கறேம்மா'ன்னு சொல்லிக் குடுத்தாவ."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். நீ புளுகுகிறாய் என்று போனை முகத்தில் எறிந்திருப்பேன். ஆனால் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நான் பிள்ளைப்பாக்கத்தில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தது நிஜம். அந்தத் தங்கச்சி ரேட் அவர் வாயில் வருகிற பேச்சுதான். எத்தனையோ பேரிடம் அவர் சொல்லிக் கேட்டு, இந்த மனுஷனுக்கு வியாபாரமே தெரியவில்லை என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"வந்ததுமே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க பேட்டரி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லியிருப்பீய. என்கூட வேல பாக்குற புள்ள ஒருத்தி இது ஏமாத்து வேலன்னு சொன்னா. எனக்கு நம்ப முடியல. நீங்க நூறுன்னே எடுத்துக்கிட்டா, சரி, இவியளுக்கே தெரியல, தெரியாம வித்துட்டாவன்னு நெனச்சிட்டு, பேசாம லேப்டாப்ப வாங்கிட்டுப் போயிருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல்தான் முதலில் வந்தது. என்னை வைத்தே என் வீட்டைச் சோதித்துவிட்டாளே என்று. ஆனால் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. வாழ்நாளெல்லாம் எதிரே வருகிறவர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலியை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. உட்கார், அவர் வருகிற நேரம்தான் என்றேன். ஃபேனைப் போட்டேன். மனதுக்குள் நானே அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை செய்திருப்பார். கரண்ட் பில் கட்டமுடியாத மாதமாக இருந்திருக்கும். வந்து இவளைப் பார்த்ததும் முகம் செத்துவிடும், தலையைக் குனிந்துகொள்வார், அதுவே போதும் என்று நினைத்தேன்.

பையைத் தோளில் மாட்டியபடி அவர் வந்தார். அவளை நேருக்கு நேர் பார்த்து, "வாம்மா" என்று சிரித்தார். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சிரிக்கிற சிரிப்பு. பெஞ்சில் திறந்து கிடந்த போனைக் குனிந்து பார்த்தார். பட்டையை நகத்தால் தட்டினார்.

"இன்னா இது, பட்ட போட்ட பீஸா?" என்று என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "பாக்ஸும் இல்லியா? ஏமாந்துடாத. பதினஞ்சுக்கு மேல போடாத."

நான் எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து, லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். போ, திங்கட்கிழமை வேலைக்குப் போ என்றேன். மீதி ஆறாயிரம் என்று அவர் ஏதோ ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அவள் போனபிறகும் என்ன ஆச்சு, யார் அந்தப் பெண் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். ஒருத்தியை மட்டும் ஏமாற்றியிருந்தால் அவருக்கு அந்த முகம் மறந்திருக்காது.